தீயில்லா அடுப்பில் கடுகு வெடிக்கும் நேரம்

சமையல் குறிப்பு எழுதுகிறவர்களுக்கு அடுப்பு என்றால் தீதான். ‘மிதமான தீயில் வதக்கவும்’, ‘சிம்மில் வைத்து இறக்கவும்’, ‘எண்ணெய் நன்றாகக் காய்ந்ததும் போடவும்’ என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். காஸ் அடுப்பில் நிற்பவருக்கு அது போதும். நீலத் தழலின் உயரத்தைக் கண் பார்த்துக்கொள்ளும், குமிழைக் கை திருப்பிக்கொள்ளும். இண்டக்‌ஷன் அடுப்பின் முன்னால் நிற்பவர் பார்ப்பதோ ஓர் எண்ணை மட்டும்: 400, 1000, 1600. மிதமான தீ என்பது இதில் எது? முதல் வாரம் கடுகு கருகும், சாம்பார் அடிப்பிடிக்கும், வடை வெளியே சிவந்து உள்ளே மாவாக நிற்கும். “இதில் ருசியாகச் சமைக்க முடியாது” என்று சொல்லி அடுப்பை அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிட்ட வீடுகள் நிறைய.

ஆனால் தாளிப்பதும், கொதித்ததைச் சிம்மில் வைப்பதும், பொரிப்பதும் ஒரே எண்ணை ஏற்றி இறக்கும் வேலை இல்லை. மூன்றிலும் சூடு தங்கும் இடம் வேறு வேறு. அது பிடிபட்டால் எண்கள் தாமாகவே புரியும்.

முதலில் அந்த எண் எதைச் சொல்கிறது என்று பார்த்துவிடலாம். கண்ணாடிப் பரப்புக்கு அடியில் செம்புக் கம்பிச் சுருள் ஒன்று இருக்கிறது. விநாடிக்கு இருபதாயிரம் தடவைக்கும் மேலாகத் திசை மாறும் மின்சாரம் அதில் ஓடுகிறது. அதனால் எழும் காந்தப் புலம் மேலே வைத்த பாத்திரத்தின் அடிப்பகுதியில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது, அந்த ஓட்டத்தால் பாத்திரமே சூடாகிறது. கண்ணாடி சூடாவது பாத்திரத்திலிருந்து திரும்பி வரும் சூட்டால்தான். ஆக, இந்த அடுப்பில் எரிவது பாத்திரம். காந்தம் ஒட்டாத அலுமினியம், செம்பு, பித்தளை, மண்சட்டி எதையும் இது ஏற்காததற்குக் காரணமும் அதுவே.

திரையில் தெரியும் 1000 என்பது வெப்பநிலை இல்லை. ஒவ்வொரு விநாடியும் எவ்வளவு சூடு உள்ளே போகிறது என்கிற வேகம் அது. குழாயை எவ்வளவு திறந்திருக்கிறோம் என்பது வாட், தொட்டியில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்பது வெப்பநிலை. அதே 1000 வாட்டில் இரண்டு லிட்டர் தண்ணீர் மெல்லத்தான் சூடேறும். ஒரு கரண்டி எண்ணெய் மட்டும் இருந்தால் ஒரு நிமிடம் போவதற்குள் புகையும். காஸ் அடுப்பிலும் கணக்கு இதேதான். ஆனால் அங்கே தழலின் சூட்டில் கணிசமான பங்கு பாத்திரத்தின் பக்கவாட்டிலும் காற்றிலும் போய்விடுவதால், தவறு மெதுவாக நடக்கும். நாம் சுதாரித்துக்கொள்ள நேரம் கிடைக்கும். இண்டக்‌ஷனில் எடுக்கும் மின்சாரத்தில் ஏறத்தாழ 85 சதவீதம் பாத்திரத்துக்குள் போய்விடுகிறது. தவறும் அதே வேகத்தில் நடக்கிறது.

இன்னொன்று, சூடு பாத்திரத்தின் அடி முழுவதும் ஒரே மாதிரி பரவுவதில்லை. சுருள் வளைய வடிவத்தில் இருக்கிறது. அதனால் அடியிலும் ஒரு வளையம்தான் முதலில் காய்கிறது. மெல்லிய பாத்திரத்தில் தண்ணீர் வைத்துப் பார்த்தால் குமிழிகள் வட்டமாகக் கிளம்புவது கண்ணுக்கே தெரியும். பக்கச் சுவர்களைத் தழுவி ஏறத் தழல் கிடையாது என்பதால் வாணலியின் மேல்பகுதி ஆறியே இருக்கும். காஸில் வாணலியின் ஓரத்துக்கு ஒதுக்கிய வெங்காயமும் வதங்கிக்கொண்டே இருக்கும், இங்கே ஒதுக்கியது ஒதுக்கியதுதான்.

கடுகும் பாத்திரத்தின் எடையும்

தாளிப்பில் தொடங்குவோம், மிக அதிகமாகக் கெடுவது அதுதான். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், கால் டீஸ்பூன் கடுகு, ஒரு டீஸ்பூன் உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய் இரண்டு, ஒரு கொத்துக் கறிவேப்பிலை, ஒரு சிட்டிகைப் பெருங்காயம். பாத்திரம், சாதாரணமாக வீட்டில் இருக்கும் அரைக்கிலோ எடையுள்ள தட்டை அடி எவர்சில்வர் வாணலி என்று வைத்துக்கொள்வோம்.

இந்த வாணலியையும் எண்ணெயையும் கடுகு நன்றாக வெடிக்கும் 180 டிகிரிக்குக் கொண்டுபோகச் செலவாகும் சூட்டில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு இரும்புக்குத்தான் போகிறது, எண்ணெய்க்குப் போவது ஒரு பங்கு. அதாவது, எண்ணெயைக் காய வைக்கிறோம் என்று நாம் சொன்னாலும் அங்கே காய்வது வாணலிதான், எண்ணெய் அதன் மேல் ஒட்டியிருக்கும் ஓர் ஈரப்படலம் மாதிரி அதன் சூட்டை அப்படியே வாங்கிக்கொள்கிறது. 

அடுப்பு 2000 வாட்டில் இருந்தால் இந்த வாணலி விநாடிக்கு ஆறு ஏழு டிகிரி ஏறும். அஞ்சறைப்பெட்டியின் மூடியைத் திறந்து, உள்ளே இருக்கும் சின்னக் கரண்டியைத் தேடி, கடுகை எடுத்துப் போடப் பத்து விநாடி ஆகிறது என்றால், அதற்குள் 180 ஆக இருந்தது 240 ஆகிவிடும். அந்தச் சூட்டில் கடுகு வெடிப்பதும் கருகுவதும் ஒன்றாக நடக்கின்றன. உளுத்தம்பருப்பு வெள்ளையிலிருந்து நேராகக் கறுப்புக்குப் போகிறது, பொன்னிறம் என்ற நிலையமே வருவதில்லை. அதே வாணலியை 800 வாட்டில் வைத்தால் விநாடிக்கு இரண்டு டிகிரிக்குச் சற்று மேல்தான் ஏறும். ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும், ஆனால் அந்தப் பத்து விநாடித் தடுமாற்றத்தில் பெரிதாக எதுவும் கெடாது. தாளிப்புக்கு 800 வாட்டைத் தாண்டவே வேண்டாம் என்பது என் கட்சி. அவசரம் என்றால் 1000.

அடுத்த சங்கதிதான் முக்கியம். வாணலியும் எண்ணெயும் அடுப்பில் இருக்கும்போதே இரண்டு மூன்று கடுகை மட்டும் முதலில் போட்டு வையுங்கள். அவை வெடிப்பது, உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகித் தோலைப் பிளப்பதால். அந்த இரண்டும் வெடித்ததும் மீதிக் கடுகைப் போட்டு மூடிவிடுங்கள். படபடப்பு உச்சத்துக்குப் போய்க் குறையத் தொடங்கும்போது அடுப்பை நிறுத்திவிடுங்கள். குறைப்பது இல்லை, நிறுத்துவது. அதன் பிறகு உளுத்தம்பருப்பு. வாணலியின் இரும்பில் தேங்கியிருக்கும் சூடே முப்பது, நாற்பது விநாடியில் பருப்பைப் பொன்னிறத்துக்குக் கொண்டுவந்துவிடும். அந்த நேரத்தில் வாணலி மெல்ல இறங்கிக்கொண்டிருக்கிறது. அதனால் நிறம் மாறும் வேகமும் நமக்குச் சாதகமாகத் தணிகிறது. பருப்பு இளஞ்சிவப்பாகும்போது மிளகாய், பிறகு கறிவேப்பிலை, கடைசியில் பெருங்காயம். கறிவேப்பிலையின் ஈரம் வாணலியை இன்னும் தணித்துவிடுவதால் பெருங்காயம் கருகாமல் பொரியும். வெந்தயம் சேர்ப்பவர்கள் அதையும் நிறுத்திய பிறகே போடலாம். வெந்தயம் சிவப்பதற்கும் கசப்பதற்கும் நடுவே இடைவெளி மிகக் குறைவு.

ஏன் 300 வாட்டுக்குக் குறைத்தால் போதாது என்று கேட்கலாம். அந்தச் சின்ன எண்ணுக்குள் ஒரு சூது இருக்கிறது, சாம்பாருக்கு வரும்போது சொல்கிறேன்.

வாணலி மாறினால் கணக்கு மாறும். ஒன்றரைக் கிலோ வார்ப்பிரும்புச் சட்டி, மூன்று மடங்கு மெதுவாக ஏறும். 800-ல் வைத்தால் மூன்று நிமிடம் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அதற்கு 1200 வைக்கலாம். ஆனால் ஏறிய பிறகு அது இறங்குவதும் மெதுவாகவே இருக்கும். அடுப்பை நிறுத்தினாலும் சட்டி நிறுத்தாது. பருப்பு சிவக்கத் தொடங்கிய உடனே, முழுக்கச் சிவக்கும் முன்பே, தாளிப்பைச் சாம்பாரில் கொட்டிவிட வேண்டும், அல்லது ஒரு கரண்டி சாம்பாரைச் சட்டியில் ஊற்றிவிட வேண்டும். பொரியலுக்குத் தாளிக்கிறோம் என்றால் இந்தக் கவலை இல்லை. நறுக்கிய காய் உள்ளே விழுந்த கணத்தில் வாணலியின் சூடு பாதிக்கு இறங்கிவிடும். அப்போது அடுப்பை மறுபடி போட்டு 1200-க்கு ஏற்ற வேண்டியிருக்கும். காய் விழுந்த பிறகும் பயந்து 400-ல் வைத்திருப்பதால்தான் பல வீடுகளில் வெண்டைக்காய் வதங்காமல் வழவழத்துப் போகிறது.

நம் பாட்டிமார்களின் குட்டித் தாளிப்புக் கரண்டி இந்த அடுப்பில் எடுபடாது. இரும்பாக இருந்தாலும், வயிறு உருண்டு அடி சின்னதாக இருப்பதால் பெரும்பாலான அடுப்புகள் அதைப் பாத்திரம் என்றே ஒத்துக்கொள்வதில்லை; பீப் பீப் என்று கத்திவிட்டு அணைந்துவிடும். அடியின் விட்டம் பொதுவாக 10 முதல் 12 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். தோசைக்கல்லை வைத்து அதன் மேல் கரண்டியை வைக்கிறவர்களும் உண்டு. உருண்டை அடி கல்லை ஒரே ஒரு புள்ளியில்தான் தொடும், கரண்டி காய்வதற்குள் கல் எங்கேயோ போய்விடும். அதைவிட, அடி தட்டையாக 12 சென்டிமீட்டர் இருக்கும் சின்ன ஃப்ரை பேன் ஒன்றை வாங்கித் தாளிப்புக்கென்றே ஒதுக்கிவிடலாம். பேனை ஒரு பக்கம் சாய்த்து எண்ணெயைத் தேக்கிக் கடுகு பொரிக்கும் வித்தையும் இங்கே நடக்காது. தூக்கிய உடனே அடுப்பு நின்றுவிடும். தட்டை அடியில் எண்ணெய் பரந்துவிடும் என்பதால் வழக்கத்தைவிட அரைக் கரண்டி எண்ணெய் கூட ஊற்ற நேரும் என்பது உண்மை.

சின்ன எண்ணில் உள்ள சூது

இனி சிம். ஒன்றரை லிட்டர் சாம்பார். புளித்தண்ணீரில் காய் வெந்து, பருப்பும் கரைத்து விட்டாயிற்று. இனிமேல் பத்து நிமிடம் தளதளவென்று இல்லாமல் மெல்லக் கொதித்து மணம் கூட வேண்டும்.

கொதிக்கும் குழம்பு நூறு டிகிரியை ஒட்டித்தான் நிற்கும், அடுப்பில் 400 இருந்தாலும் 1600 இருந்தாலும். கூடுதல் வாட்டெல்லாம் ஆவியாகத்தான் வெளியேறும். 1000 வாட்டில் திறந்து கொதித்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 20 மில்லி தண்ணீர் போய்விடும். பத்து நிமிடத்தில் ஒரு டம்ளர். சாம்பார் கெட்டியாகி உப்பு தூக்கலாகிவிட்டது என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். இந்த அளவுச் சாம்பார் மெல்லக் கொதிக்க 300, 400 வாட் போதும்.

சிக்கல் அந்த 300-ஐ அடுப்பு தரும் விதத்தில் இருக்கிறது. நம் வீடுகளில் இருக்கும் ஒற்றைத் தட்டு அடுப்புகளில் பெரும்பாலானவற்றால் ஏறத்தாழ 800, 1000 வாட்டுக்குக் கீழே தொடர்ச்சியாகச் சூடு தர முடிவதில்லை. திரையில் 300 என்று இருந்தால், மூன்று விநாடி 1000 வாட்டில் எரிந்துவிட்டு ஏழு விநாடி அணைந்து கிடக்கும். சராசரிக் கணக்குக்கு 300 வந்துவிடும், ஆனால் பாத்திரத்தின் அடிக்குத் தெரிவது சராசரி இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் மூன்று விநாடி முழு வேகத்தில் அடி வாங்குகிறது. மூன்று, ஏழு என்பது ஓர் உதாரணம். சில அடுப்புகளில் அந்தச் சுற்று இன்னும் நீளம். தாளிப்பில் 300-க்குக் குறைக்காமல் நிறுத்தச் சொன்னதும் இதனால்தான். குறைத்துவிட்டோம் என்று நம்பி உளுத்தம்பருப்பைப் போடும் அதே விநாடியில் அடுப்பு 1000 வாட்டைத் தூக்கி எறியலாம்.

உங்கள் அடுப்பு எப்படி என்று தெரிந்துகொள்ளச் சுலபமான வழி உண்டு. ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து, பிறகு இருக்கிற எண்களிலேயே மிகச் சிறியதில் வையுங்கள். ஒரு நிமிடம் பாத்திரத்துக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருங்கள். குமிழி சீராக வந்துகொண்டே இருந்தால் நல்ல அடுப்பு. கொதி எழும்புவதும் படுப்பதும் மாறி மாறி வந்தால் விட்டுவிட்டு எரிகிற அடுப்பு. அடுத்து 400, 600, 800 என்று ஒவ்வொன்றாக ஏற்றிப் பாருங்கள். எந்த எண்ணில் கொதி சீராகிறதோ அதுவே உங்கள் அடுப்பின் உண்மையான சிம். அதை மனதில் குறித்துக்கொண்டால் போதும்.

விட்டுவிட்டு எரிவதால் ரசத்துக்கு ஒன்றும் ஆகாது. தண்ணியாக இருக்கும் எதுவும் தானே சுழன்று சூட்டைப் பரப்பிக்கொள்ளும். கெட்டியாக இருப்பவைதான் மாட்டிக்கொள்ளும்: பருப்பு சேர்த்த சாம்பார், கூட்டு, பால் பாயசம், அரைத்துவிட்ட குழம்பு. பருப்பும் அரைத்த தேங்காயும் அடியில் படியும், அங்கே அந்த வளையம் காத்திருக்கும். அடிப்பிடித்த பாத்திரத்தைத் தேய்க்கும்போது கவனித்துப் பாருங்கள். காஸில் பிடித்தது நடுவில் ஒரு திட்டாக இருக்கும், இண்டக்‌ஷனில் பிடித்தது வளையலாக இருக்கும்.

இதற்கு மருந்து எண்ணில் இல்லை, பாத்திரத்தில் இருக்கிறது. எவர்சில்வருக்கு நடுவே அலுமினியத் தகடு வைத்து அழுத்திய அடிகனமான பாத்திரங்கள் கடைகளில் கிடைக்கின்றன. அந்தத் தகடு மூன்று விநாடி வந்த சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு, அணைந்திருக்கும் ஏழு விநாடியும் பிரித்துக் கொடுக்கும். வளையத்தின் சூட்டைப் பக்கவாட்டிலும் பரப்பும். அப்படிப் பாத்திரம் இல்லாதவர்கள் வேறு வழியில் போகலாம். உங்கள் அடுப்பு 800-ல்தான் சீராக எரியும் என்றால் 800-லேயே ஒரு நிமிடம் கொதிக்கவிட்டு, அடியோடு கிளறி, அடுப்பை நிறுத்தி மூடி இரண்டு நிமிடம் வைத்துவிடுங்கள். மறுபடி ஒரு நிமிடம். ஒன்றரை லிட்டர் குழம்பு இரண்டு நிமிடத்தில் அதிகம் ஆறிவிடாது. காயும் புளியும் மசாலாவும் கொதி அடங்கிய சூட்டிலும் கூடிக்கொண்டுதான் இருக்கும். அடுப்பு செய்யும் விட்டுவிட்டு எரிகிற வேலையை நாமே, கிளறலோடு சேர்த்து, நம் வசதிக்குச் செய்கிறோம், அவ்வளவுதான். வற்றல் குழம்பு எண்ணெய் பிரிந்து வர வேண்டும் என்றால் மட்டும் இது உதவாது. அதற்குத் தண்ணீர் வற்றியாக வேண்டும். 800-ல் திறந்து வைத்துப் பக்கத்திலேயே நிற்க வேண்டியதுதான்.

சிம்முக்கு வெப்பநிலைப் பொத்தானைப் பயன்படுத்தலாமே என்று தோன்றும். பல அடுப்புகளில் வாட்டுக்குப் பதிலாக 80, 100, 120 என்று டிகிரியில் வைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. அந்த டிகிரியை அளக்கும் உணரி கண்ணாடிக்கு அடியில், சுருளின் நடுவில் ஒட்டியிருக்கிறது. அது அளப்பது கண்ணாடியின் சூட்டை. குழம்புக்கும் அதற்கும் நடுவே பாத்திரத்தின் அடியும் கண்ணாடியும் இருக்கின்றன. 100 என்று வைத்தால் சில அடுப்புகளில் குழம்பு கொதிக்கவே கொதிக்காமல் நின்றுவிடும். 120, 140 என்று ஏற்றிப் பார்த்துத்தான் நம் பாத்திரத்துக்கு எது பொருந்துகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

பால் விஷயத்தில் மட்டும் இந்த அடுப்புக்கு முழு மதிப்பெண் தரலாம். பொங்கி விளிம்பைத் தொடும்போது பொத்தானை அழுத்தினால் போதும், மெல்லிய பாத்திரமாக இருந்தால் நுரை அப்படியே படுத்துவிடும்.

வடை எடுக்கும் சூடு

பொரிப்பதில் நிலைமை தலைகீழ். தாளிப்பில் சூடு பாத்திரத்தில் தங்கியிருந்தது. முக்கால் லிட்டர் எண்ணெய் ஊற்றிய வாணலியில் பெரும்பங்குச் சூடு எண்ணெயில்தான் தங்குகிறது. எண்ணெய் கனமானது, மெதுவாக நகர்வது. அதனால் அவசரத் தவறுகள் குறைவு. இங்கே நடக்கும் தவறு வேறு வகை. ஓர் எண்ணை வைத்துவிட்டு எல்லா ஈடும் அதிலேயே போட்டு எடுப்பது.

மெதுவடை எடுத்துக்கொள்வோம். முக்கால் லிட்டர் கடலை எண்ணெய், எண்ணூறு கிராம் எடையுள்ள வாணலி, ஓர் ஈட்டுக்கு நாலு வடை, ஒவ்வொன்றுக்கும் ஐம்பது கிராம் மாவு. 1600 வாட்டில் வைத்தால் மூன்றரை நிமிடத்தில் எண்ணெய் 175 டிகிரியை நெருங்கும். காஸ் பழக்கத்தில், எண்ணெய் காய எப்படியும் நேரம் ஆகும் என்று எண்ணி வெங்காயம் நறுக்கப் போய்விட்டால், திரும்பி வரும்போது எண்ணெய் புகைந்துகொண்டிருக்கும். மூன்றாவது நிமிடத்திலிருந்தே துளி மாவைப் போட்டுப் பார்க்கத் தொடங்க வேண்டும். மாவு அடிக்குப் போய், இரண்டு விநாடியில் குமிழியோடு மேலே வந்தால் சரியான பதம். அடியிலேயே தங்கினால் போதவில்லை. விழுந்த உடனே மேலேயே சிவந்தால் அடுப்பை நிறுத்திவிட்டு ஒரு நிமிடம் ஆறவிட வேண்டும்.

நாலு வடையும் உள்ளே விழுந்ததும் எண்ணெய் இருபது டிகிரி வரை இறங்கும். இருநூறு கிராம் ஆறிய மாவு சூடாக வேண்டும், அதோடு மாவில் உள்ள ஈரம் ஆவியாகிக் கிளம்பத் தொடங்குகிறது. வடையைச் சுற்றி நாம் பார்க்கும் அந்தப் பெருங்குமிழிகள் எல்லாம் எண்ணெயிலிருந்து சூட்டைத் திருடிக்கொண்டு போகும் நீராவிதான். அதனால் வடை விழுந்த முதல் ஒரு நிமிடம் 1400-க்கு ஏற்றி வையுங்கள். எண்ணெய் தேறியதும் 1000-க்கு இறக்குங்கள். வடை எடுத்துக்கொள்ளும் சூடும், திறந்த எண்ணெயும் வாணலியும் காற்றுக்கு விடும் சூடும் சேர்ந்து ஏறத்தாழ அந்த அளவுக்குத்தான் வரும். உள்ளே போவதும் வெளியே வருவதும் சமமாக இருக்கும்வரை எண்ணெய் அந்தச் சூட்டிலேயே நிற்கும்.

இப்போது வடையை அரித்து எடுத்துவிட்டோம். சூட்டை எடுத்துக்கொள்ள ஆள் இல்லை, ஆனால் அடுப்பு அதே 1000-ல் ஓடுகிறது. அடுத்த ஈட்டுக்குக் கையை நனைத்து, மாவை உருட்டி, நடுவில் ஓட்டை போட்டு நாலு வடை தட்ட ஒரு நிமிடம் ஆகும். அந்த ஒரு நிமிடத்தில் எண்ணெய் இருபது டிகிரி ஏறிவிடும். 1600-ல் விட்டிருந்தால் நாற்பதை நெருங்கும். முதல் ஈடு அருமையாக வந்து மூன்றாம் ஈடு கருகிப்போகும் மர்மம் இதுதான். வடையை எடுக்கும்போதே 300-க்கு இறக்கிவிட்டு, முதல் வடையை உள்ளே விடும்போது மறுபடி 1400-க்கு ஏற்றினால் கடைசி ஈடு வரை ஒரே நிறம் வரும். இத்தனை எண்ணெய்க்கு விட்டுவிட்டு எரிவது ஒரு பொருட்டே இல்லை. மாவுக் கையோடு பொத்தானைத் தொடுவது தொல்லைதான், தொடுதிரை அடுப்பாக இருந்தால் ஈரக் கைக்கு அது கட்டுப்படவும் செய்யாது. அடுப்புப் பொத்தானுக்கு வீட்டில் ஒருவரைப் பிடித்து நிறுத்திவிடுவது உத்தமம்.

வடை வெந்ததைச் சத்தம் அடங்குவதை வைத்துச் சொல்வது வழக்கம். இண்டக்‌ஷன் அடுப்பின் அடியில் ஓடும் விசிறியின் இரைச்சலில் அந்தச் சத்தம் சரியாகக் கேட்பதில்லை. காதுக்குப் பதில் கண்ணை நம்ப வேண்டியிருக்கிறது. ஈரம் குறையக் குறைய குமிழிகள் சின்னதாகி, வடையைச் சுற்றி மட்டும் மெல்லிய வளையமாக நிற்கும். அப்போது எடுக்கலாம். குமிழி ஆரம்பத்திலிருந்தே சோம்பலாக இருந்தால் எண்ணெய் காயவில்லை. அந்த வடை எண்ணெய் குடித்துவிடும்.

மாவுக்கு மாவு இந்தக் கணக்கு மாறும். முறுக்குக்கு 160, 165 டிகிரியே போதும், நிதானமாக வேக வேண்டியது அது. ஈரம் மிகக் குறைவான அப்பளம் ஏறத்தாழ ஒன்றும் எடுத்துக்கொள்ளாது. எண்ணெயை நன்றாகக் காய வைத்துவிட்டு அடுப்பை 300, 400-க்கு இறக்கிவிட்டே ஒரு கட்டு அப்பளத்தையும் பொரித்துவிடலாம். எண்ணெய் வகையும் கணக்கில் உண்டு. செக்கில் ஆட்டிய எண்ணெய்கள் சுத்திகரித்த எண்ணெயைவிடச் சீக்கிரம் புகையும் என்பதால், அவற்றை 1600-ல் காய வைக்காமல் 1200-லேயே நிதானமாகக் கொண்டுபோவது நல்லது.

‘டீப் ஃப்ரை’ என்று பொத்தானே இருக்கும்போது இத்தனை கணக்கு எதற்கு? அந்தப் பொத்தானும் கண்ணாடிக்கு அடியில் உள்ள அதே உணரியைக் கேட்டுத்தான் நடக்கிறது. எண்ணெய் வேகமாகக் காயும்போது உணரி பின்தங்கும். அது 180 என்று அறிந்து நிறுத்துவதற்குள் எண்ணெய் தாண்டிப் போயிருக்கலாம், அல்லது வேறொரு பாத்திரத்தில் அதே 180-க்கு எண்ணெய் 150-லேயே நின்றுவிடலாம். எண்ணெயில் முக்கிப் பார்க்கும் கம்பி வெப்பமானி ஒன்று வாங்கி, உங்கள் வாணலியில் திரை எண்ணுக்கும் எண்ணெய்க்கும் எவ்வளவு வித்தியாசம் என்று ஒருமுறை பார்த்துக் குறித்துக்கொண்டால் அந்தப் பொத்தான் பயன்படும். வெப்பமானியின் முனை வாணலியின் அடியைத் தொடக் கூடாது, தொட்டால் அது சொல்வது இரும்பின் சூடு. வாணலியை மாற்றினால் குறிப்பும் மாறும்.

வாணலியின் அடி நெளிந்திருக்கிறதா என்று பொரிப்பதற்கு முன்னால் கட்டாயம் பார்க்க வேண்டும். மெல்லிய எவர்சில்வர் பாத்திரத்தை ஒன்றுமில்லாமல் 2000-ல் காய வைத்தால் அடி சட்டென்று வளைந்துவிடும். கவிழ்த்து ஒரு ஸ்கேலை வைத்தால் தெரியும். அடி உள்பக்கம் குழிந்திருந்தால் நடுவில் கண்ணாடியைத் தொடாது. உணரி இருப்பதும் நடுவில்தான். எண்ணெய் அளவுக்கு மீறிக் காய்ந்தாலும் உணரிக்கு அது தாமதமாகத்தான் எட்டும், தானாக அணைத்துக்கொள்ளும் பாதுகாப்பும் தாமதமாகும். தழல் இல்லாத அடுப்பிலும் எண்ணெய் தீப்பிடிக்கும், அளவுக்கு மீறிக் காய்ந்தால் தானாகவே பிடிக்கும். அப்படி நேர்ந்தால் அடுப்பை நிறுத்தி, வாணலியை நகர்த்தாமல், அதன் வாயை முழுதும் மூடும் தட்டை மேலே போட வேண்டும், தண்ணீர் ஊற்றவே கூடாது. அந்தத் தட்டைத் தேடி எடுக்க அப்போது நேரம் இருக்காது. பொரிக்கத் தொடங்கும்போதே கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.